பில்லில் 2/10, n/30 என்று இருந்தால் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர் தைக்கும் சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பத்து நாளுக்குள் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியை எங்கள் பக்கம் சி.டி. என்போம், கேஷ் டிஸ்கவுண்டின் சுருக்கம். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே பில்லை வைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் எண்கள் குழப்பாது.

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து ஆம்பூருக்கு வந்த ஷூ பசை பில் அது. தேதி 5 ஜனவரி 2026. டின் ஒன்று 5,000 ரூபாய் வீதம் 40 டின், ஆக 2,00,000. லாரி வாடகை 4,000. இரண்டும் சேர்ந்த 2,04,000-க்கு 18% ஜிஎஸ்டி 36,720. மொத்தம் 2,40,720 ரூபாய். அடியில் சின்ன எழுத்தில் `2/10, n/30` என்றும், அதற்குக் கீழே "தள்ளுபடி சரக்கு மதிப்புக்கு மட்டும்" என்றும் இருக்கிறது.

அண்ணா, இந்த 2/10, n/30 என்பதை எப்படிப் படிப்பது? தேதி மாதிரி இருக்கிறதே.

தேதி இல்லை. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தள்ளுபடி சதவீதம், பின்னால் இருப்பது நாள். பத்து நாளுக்குள் கட்டினால் 2% கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் முழுத்தொகை. `n` என்பது நெட், அதாவது கழிவு எதுவும் இல்லாத தொகை.

சில பில்களில் `3/7, 2/15, n/45` என்று படிப்படியாகவும் இருக்கும். ஏழு நாளுக்குள் என்றால் 3%, எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை 2%, அதற்கப்புறம் கழிவு கிடையாது. இரண்டையும் கூட்டி 5% என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுகிற தேதி எந்தப் படியில் விழுகிறதோ அந்த ஒன்றுதான்.

பத்து நாளை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்? பில் தேதியும் சேருமா?

பில்லில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பில் தேதியை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என்று எண்ணுவதுதான் வழக்கம். நம் பில் ஜனவரி 5. ஆறாம் தேதி முதல் நாள், பதினைந்தாம் தேதி பத்தாம் நாள். அன்று கட்டினாலும் தள்ளுபடி உண்டு. விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை, 5-உடன் 10-ஐக் கூட்டினால் போதும்.

முப்பதாவது நாளுக்கும் அதே கூட்டல்தான். 5-உடன் 30 சேர்த்தால் 35. ஜனவரிக்கு 31 நாள், அதைக் கழித்தால் 4. ஆக முழுத்தொகைக்குக் கெடு பிப்ரவரி 4. "ஒரு மாதம்தானே" என்று பிப்ரவரி 5 என்று குறித்து வைப்பவர்கள் உண்டு. முப்பது நாளும் ஒரு மாதமும் ஒன்றல்ல.

சரக்கு எங்கள் குடோனுக்கு 8-ஆம் தேதிதான் வந்தது. அப்படியானால் 18 வரை நேரம் இருக்கிறதா?

இல்லை. நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்துதான், லாரி வந்த தேதியிலிருந்து அல்ல. சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்றால் பில்லில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டு பில்களில் அதற்கு `ROG` என்று போடுவார்கள். `2/10 ROG` என்று இருந்திருந்தால் உங்கள் கணக்கு சரி, 18 வரை நேரம் உண்டு.

ராணிப்பேட்டை சரக்குக்கு இது மூன்று நாள் விஷயம். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் சோலோ, அக்ஸசரிஸோ வரவழைப்பவருக்கு இது பெரிய விஷயம். சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கு வருவதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும், பத்து நாள் கடலிலேயே முடிந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே `ROG` கேட்டு வாங்குங்கள், பில் வந்தபின் கேட்டுப் பயனில்லை.

`EOM` என்று இருந்தால் மாதக் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். ஜனவரி 5 பில்லில் `2/10 EOM` என்றால் பிப்ரவரி 10 வரை தள்ளுபடி.

ஜனவரி 15 பொங்கல். பேங்க் லீவு. மறுநாள் கட்டினால் ஒத்துக்கொள்வார்களா?

மறுநாள் திருவள்ளுவர் தினம், அதற்கடுத்து உழவர் திருநாள், அப்புறம் ஞாயிறு. செக் எழுதிக் கொடுப்பவருக்கு நாலு நாள் போய்விட்டது. "கெடு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள்" என்று பில்லிலோ ஆர்டரிலோ எழுதியிருந்தால் பயமில்லை. எழுதவில்லை என்றால் தானாக நீளும் என்று நம்பாதீர்கள்.

ஆன்லைனில் அனுப்ப விடுமுறை தடையே இல்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகின்றன. ஆர்டிஜிஎஸ்ஸுக்குக் குறைந்தது இரண்டு லட்சம் வேண்டும், நம் பில் அதற்கு மேல்தான். தடுக்கக்கூடியது உங்கள் கணக்கின் ஒரு நாள் வரம்பு. முதலாளி ஊருக்குப் போய்விட்டால், அவர் போனுக்கு வரும் ஓடிபி-யும் ஒரு தடைதான். நான் பார்க்கும் யூனிட்டுகளில் போகி அன்றே, 14-ஆம் தேதி காலையிலேயே, அனுப்பிவிடச் சொல்வேன்.

இதில் இன்னொன்று உண்டு. கெடுவுக்குள் "பணம் அனுப்ப வேண்டும்" என்று இருக்கிறதா, "எங்கள் கணக்கில் வந்து சேர வேண்டும்" என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். செக் என்றால் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு நாளைச் சாப்பிட்டுவிடும்.

2% எந்தத் தொகைக்கு? நான் மொத்தத் தொகையில் 2% கழித்தேன், பார்ட்டி பாக்கி காட்டுகிறார்.

வருகிற சண்டையில் பாதி இதுதான், அதனால் நிதானமாகவே பார்த்துவிடுவோம்.

மொத்தம் 2,40,720-இல் 2% என்றால் 4,814 ரூபாய் 40 பைசா. அதற்குள் லாரி வாடகைக்கும் தள்ளுபடி எடுத்துவிட்டீர்கள். விற்றவர் அந்த 4,000 ரூபாயை லாரிக்காரருக்கு முழுதாகக் கொடுத்திருக்கிறார், அதில் உங்களுக்குக் கழிக்க மாட்டார். பில்லிலும் "சரக்கு மதிப்புக்கு மட்டும்" என்று எழுதியாகிவிட்டது. ஆகவே தள்ளுபடி 2,00,000-இல் 2%, அதாவது 4,000.

சரி, அந்த 4,000-க்கு உண்டான ஜிஎஸ்டி என்ன ஆகும்? இங்கே இரண்டு வழி இருக்கிறது. எது என்பது விற்றவர் போடும் கிரெடிட் நோட்டைப் பொறுத்தது.

முதல் வழி, அவர் வரியோடு சேர்த்து கிரெடிட் நோட் போடுவது. தள்ளுபடி 4,000, அதற்கு 18% வரி 720, ஆக 4,720 குறையும். கட்ட வேண்டியது 2,36,000 ரூபாய். இப்படிச் செய்தால் உங்கள் உள்ளீட்டு வரி வரவிலிருந்து அந்த 720-ஐக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, வரியைத் தொடாமல் வணிக கிரெடிட் நோட் மட்டும் போடுவது. அப்போது 4,000 மட்டுமே குறையும், கட்ட வேண்டியது 2,36,720. வரி 36,720 முழுதாக உங்கள் வரவில் நிற்கும்.

உள்ளீட்டு வரி எடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் வழியில் 2,36,000 கட்டி 36,000 வரவு, இரண்டாவதில் 2,36,720 கட்டி 36,720 வரவு. சொந்தச் செலவு இரண்டிலும் 2,00,000. காம்போசிஷனில் இருக்கும் கடைக்காரருக்கு வரி வரவு கிடையாது. அதனால் அவருக்கு முதல் வழியில் 720 ரூபாய் மிச்சம், அவர் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நீங்கள் மொத்தத்தில் 2% கழித்ததால் 2,35,905.60 கட்டியிருப்பீர்கள். விற்றவர் முதல் வழியில் போகிறார் என்றால் அவர் புத்தகத்தில் 94 ரூபாய் 40 பைசா பாக்கி நிற்கும். லாரி வாடகையில் நீங்கள் எடுத்த 80 ரூபாயும் அதற்கான வரி 14.40-ம்தான் அது.

இந்தத் தவறை நானே ஒரு வருஷம் செய்திருக்கிறேன். மார்ச் கடைசியில் ஒரு சப்ளையரிடமிருந்து லெட்ஜர் கன்ஃபர்மேஷன் வந்தது. எங்கள் புத்தகத்தில் அவர்களுக்குப் பாக்கி பூஜ்யம். அவர்கள் தாளில் 94.40, 61.36, 118 என்று பில்லுக்கு பில் சில்லறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து அந்த பில்லின் லாரி வாடகையில் 2% போட்டு, வரி சேர்த்துப் பார்த்தேன். பைசா பிசகாமல் பொருந்தியது. உங்கள் பார்ட்டியின் லெட்ஜரிலும் இப்படிச் சில்லறை தொங்கினால் முதலில் லாரி வாடகையைப் பாருங்கள்.

பில்லில் "2% தள்ளுபடி" என்று மட்டும் இருக்கிறது. எதற்கு என்று எழுதவே இல்லை. அப்போது?

பணம் அனுப்புவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள். "சி.டி. சரக்கு மதிப்புக்கா, மொத்தத்துக்கா? கிரெடிட் நோட் வரியோடா, வரி இல்லாமலா?" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். அவர் பதிலை பில்லோடு சேர்த்து வையுங்கள். நாமாக ஊகித்து அனுப்பிவிட்டு அப்புறம் பேசினால், பேசும் இடத்தில் நாம் பாக்கிக்காரராக நிற்போம்.

நாலு டின் கட்டிப்போயிருந்தது, திருப்பி அனுப்பிவிட்டோம். தள்ளுபடி பழைய தொகைக்கா?

நின்ற சரக்குக்கு மட்டும்தான். நாலு டின் 20,000 போக சரக்கு 1,80,000. லாரி வாடகை 4,000 அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் வரிக்கு முன் 1,84,000, வரி 33,120, மொத்தம் 2,17,120. தள்ளுபடி 1,80,000-இல் 2%, அதாவது 3,600. வரி 648 சேர்த்தால் 4,248. கட்ட வேண்டியது 2,12,872 ரூபாய்.

முதலில் திருப்பியதைக் கழித்துவிட்டு அப்புறம்தான் தள்ளுபடி. கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. திருப்பிய சரக்குக்கு கிரெடிட் நோட் வரட்டும் என்று காத்திருந்தால் பத்து நாள் போய்விடும். பிரச்சினை இல்லாத 36 டின்னுக்கு உரிய பணத்தைக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டு, மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்பதை விற்றவரிடம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள்.

கையில் ஒரு லட்சம்தான் இருக்கிறது. பாதி கட்டினால் பாதி தள்ளுபடி கிடைக்குமா?

சிலர் கொடுப்பார்கள், சிலர் முழு பில்லையும் அடைத்தால்தான் என்பார்கள். விற்றவர் சம்மதித்தால்தான் இந்தக் கணக்கு.

சம்மதித்தார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 15-ஆம் தேதி 98,000 அனுப்பினால் உங்கள் பாக்கியில் 1,00,000 குறையும். அனுப்பிய தொகையை 0.98-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மீதி 1,40,720-ஐ பிப்ரவரி 4-க்குள் கட்ட வேண்டும். இது முதல் வழிக் கணக்கு, வரியும் சேர்ந்தே குறைகிறது. அனுப்பிய பணம் முழுவதும் சரக்குக்கும் அதன் வரிக்கும்தான், லாரி வாடகை மீதியில் நிற்கிறது என்று எடுத்திருக்கிறேன்.

பலர் 98,000-இல் 2% பார்த்து 1,960 என்று எழுதுகிறார்கள். அது குறைவு. தள்ளுபடி அடைந்த கடனுக்குத்தான், கொடுத்த பணத்துக்கு அல்ல. ஒரு லட்சம் கடனை 98,000 கொடுத்து அடைத்தீர்கள், ஆகவே 2,000.

ஓடி-யில் எடுத்துக் கட்டலாமா? வட்டி போனால் என்ன மிஞ்சும்?

உங்கள் ஓடி வட்டி வருடத்துக்கு 11% என்று வைத்துப் பார்ப்போம். பிப்ரவரி 4-க்குப் பதில் ஜனவரி 15-இல் கட்டுகிறீர்கள், இருபது நாள் முன்னதாக. 2,36,000 ரூபாய்க்கு இருபது நாள் வட்டி 1,422 ரூபாய். தள்ளுபடியில் உங்களுக்கு உண்மையாக மிஞ்சுவது 4,000. மீதி 720 வரி வரவில் சரியாகிவிடும். 4,000-இல் 1,422 போனால் 2,578 ரூபாய் லாபம். கடன் வாங்கியாவது கட்டுவதே மேல் என்பேன்.

பத்தாம் நாளுக்குள் எந்த நாளில் கட்டினாலும் 2% தான், ஜனவரி 7-ஆம் தேதியே கட்டினால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அதேபோல 15 தவறிவிட்டால் 19-ஆம் தேதி அடித்துப்பிடித்துக் கட்டுவதிலும் பயனில்லை. 16-ஆம் தேதியும் 2,40,720 தான், பிப்ரவரி 4-ஆம் தேதியும் 2,40,720 தான். தள்ளுபடி போன பில்லை கெடு வரை வைத்திருந்து, அந்தப் பணத்தை இன்னும் பத்து நாளுக்குள் இருக்கும் வேறு பில்லுக்குக் கொடுங்கள்.

பிப்ரவரி 4-ம் தாண்டிவிட்டது. இப்போது எவ்வளவு?

பில்லில் தாமத வட்டி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 18% என்று இருந்து நீங்கள் பிப்ரவரி 14-இல் கட்டினால், பத்து நாளுக்கு 2,40,720-இன் மேல் 1,187 ரூபாய் 11 பைசா சேரும்.

விற்றவர் உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளர் என்றால் 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டமும் குறுக்கே வரும். பில்லில் `n/60` என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது.

சார், இதை எக்செல்லில் போட்டு வைக்க முடியுமா? தேதி மாற்றினால் தொகை வர வேண்டும்.

முடியும். `B1`-இல் பில் தேதி, `B2`-இல் சரக்கு மதிப்பு, `B3`-இல் லாரி வாடகை, `B4`-இல் மொத்தம், `B5`-இல் கட்டப்போகும் தேதி. கட்ட வேண்டிய தொகைக்கு:

```
=IF(B5<=B1+10, B4-B2*2%*(1+18%), B4)
```

இது வரியோடு கிரெடிட் நோட் வரும் முதல் வழிக்கு. வரி இல்லாத கிரெடிட் நோட் என்றால் `*(1+18%)` என்பதை எடுத்துவிடுங்கள். 15 ஜனவரி போட்டால் 2,36,000 வர வேண்டும், 16 ஜனவரி போட்டால் 2,40,720.

தேதியில்தான் ஏமாற்றம் வரும். `05/01/2026` என்று அடித்தால் சில கம்ப்யூட்டர்கள் அதை மே 1 என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் ஜனவரியில் எந்தத் தேதி போட்டாலும் "கெடுவுக்குள்" என்றே காட்டி, தள்ளுபடியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் `5-Jan-2026` என்று மாதப் பெயரோடு அடியுங்கள். பக்கத்தில் ஒரு கட்டத்தில் `=B1+10` என்று போட்டு, அதையும் மாதப் பெயர் தெரியும்படி வையுங்கள். அங்கே 15-Jan-2026 தெரிந்தால் அனுப்பலாம். 11-May-2026 தெரிந்தால் `B1`-ஐத் திருத்துங்கள்.